கிராமத்துப் பெண்களுடன் குழுக் கலந்துரையாடல்: நேரம் குறிப்பதும் ஒப்புதல் கேட்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை 11 மணிக்குக் கூட்டம் என்று இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தோம். ஐந்து பேர்தான் வந்தார்கள். எங்கே தவறினோம்?

வராதவர்களை விட்டுவிட்டு, வந்த ஐந்து பேர் யார் என்று முதலில் பாருங்கள். 11 மணிக்கு ஊரில் இருப்பவர்கள் வயலுக்குப் போகாதவர்கள். வயதானவர்கள், வசதியான வீட்டுப் பெண்கள், சாலையோரத்தில் குடியிருப்பவர்கள், அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாதவர்கள். ஆள் குறைந்தது சிறிய நட்டம். ஒரு வகைப் பெண்கள் முழுக்க விடுபட்டுப் போனதுதான் பெரிய நட்டம்.

நான் களப்பணிக்கு வந்த தொடக்கத்தில் குடிநீர் பற்றிய ஆய்வுக்காக ஒரு ஊருக்குப் போனோம். ஏறத்தாழ 120 வீடுகள். முற்பகலில் கூடிய ஏழு பெண்களும் "தண்ணிக்கு ஒண்ணும் பெரிய கஷ்டம் இல்லை" என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். மறுவாரம் வேறு வேலையாக மாலையில் போனபோது, குழாயடியில் நின்ற பெண்கள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து குடம் வரிசை வைப்பதைச் சொன்னார்கள். முதல் நாள் வந்த ஏழு பேரில் ஐந்து பேர் மாமியார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீர் எடுப்பது அவர்கள் வீட்டு மருமகள்கள், அந்த நேரத்தில் மருமகள்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கேள்வியில் பிழை இல்லை, கேட்ட நேரம்தான் பதிலை முடிவுசெய்துவிட்டது.

இது புதிய பிரச்சினையும் அல்ல. நகரத்திலிருந்து கிராமத்துக்கு வந்து போகிறவர்கள் பயணத்துக்கு வசதியான பருவத்தில் வருகிறார்கள், சாலையோரத்தையே பார்க்கிறார்கள், முன்னால் வந்து பேசுகிறவர்களையே கேட்கிறார்கள் என்று ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-லேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் சரியான நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊரில் ஒருவரைக் கேட்டால் போதாதா?

ஒருவரைக் கேட்டால் அவருக்கு ஏற்ற நேரம்தான் கிடைக்கும். கலந்துரையாடலுக்கு ஒரு வாரம் முன்பு அரை நாள் ஒதுக்கி, வெவ்வேறு வகைப் பெண்கள் நாலைந்து பேரைத் தனித்தனியாகப் பார்த்து அவர்களுடைய ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். ஒருவருக்கு 20 நிமிடம் போதும். தரையில் ஒரு வட்டம் வரைந்து, 24 கூழாங்கற்களை வைத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எத்தனை கல் என்று அவரையே அடுக்கச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதது இதற்குத் தடையே இல்லை.

இதில் இரண்டு இடங்களில் வழுக்கும். "வழக்கமா என்ன செய்வீங்க?" என்று கேட்டால், வேலையெல்லாம் சீராக நடக்கிற ஒரு நாளைச் சொல்வார்கள். அப்படி ஒரு நாள் யாருக்கும் வாய்ப்பதில்லை. "நேத்து என்ன செஞ்சீங்க, எழுந்ததிலிருந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். கடிகார மணியைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், அவர்களுடைய அடையாளங்களோடு போங்கள்: மாடு கறந்த பிறகா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகா, பொழுது சாய்வதற்கு முன்பா. மணியை நீங்கள் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, "சும்மாதான் உக்காந்திருப்பேன்" என்ற சொல். அந்தச் 'சும்மா'வுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டிக் கேளுங்கள். குழந்தைக்கு ஊட்டுவது, தானியம் புடைப்பது, கிழிந்ததைத் தைப்பது, படுக்கையில் இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்வது என்று வரிசையாக வரும். இவற்றில் சிலவற்றைக் கையோடு கொண்டுவந்து செய்துகொண்டே பேசலாம். தையலும் தானியம் பொறுக்குவதும் கூட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. கை வேலையாக இருக்கும்போது பேச்சு தடையில்லாமல் வருவதையும் பார்த்திருக்கிறேன். முறத்தில் புடைப்பது மட்டும் ஒலிப்பதிவைக் கெடுத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா? கல் அடுக்கியதிலிருந்து எப்படி நேரம் குறிப்பது?

மேலே சொன்ன ஊரிலேயே மறுபடி தொடங்கியபோது செய்ததைச் சொல்கிறேன். நாலு பெண்களிடம் கேட்டதில் மூன்று வகையான நாட்கள் தெரிந்தன.

கூலி வேலைக்குப் போகிறவர்கள் 4.30-க்கு எழுகிறார்கள். தண்ணீர், சமையல், பிள்ளைகள் எல்லாம் முடித்து 7.30-க்கு வயலுக்குக் கிளம்புகிறார்கள். 2 மணிக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட 2.45 ஆகிறது. 4.30-க்கு ஆடுகளைப் பார்க்கவும் மறுபடி தண்ணீர் எடுக்கவும் போக வேண்டும். இவர்களுக்கு 2.45 முதல் 4 வரை இடம் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் முதுகு சாய்க்கும் ஒரே நேரமும்கூட.

மாடு வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கு 5.30-க்கும் பிற்பகல் 4-க்கும் பால் கறக்க வேண்டும், அதைத் தள்ளிப்போட முடியாது. புல் அறுத்துக்கொண்டு 10.30-க்குத் திரும்பியபின் 11 முதல் 12.15 வரை கொஞ்சம் மூச்சு விடலாம். 2.45-க்குக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள், 3.30-லிருந்து எழுந்து எழுந்து பார்த்திருப்பார்கள்.

மூன்றாவது வகை, புதிதாக மணமாகி வந்த இளம்பெண்கள். இவர்களுக்கு வேலையைவிடப் பெரிய கட்டு வீட்டு ஆட்களின் கண். பகல் உணவுக்குப் பின் மாமியார் கண்ணயரும் 1.45 முதல் 3 வரை தவிர வேறு நேரம் வீட்டைவிட்டு வர முடியாது என்று தெரிந்தது.

ஆக ஒரே ஊரில் மூன்று குழு, மூன்று நேரம். இரண்டு குழுக்களை ஒரே நாளிலும் மூன்றாவதை வேறு நாளிலும் வைத்தோம். நாள் குறிக்கும்போது சந்தை நாள், கடன் தவணை கட்டும் நாள், குழாயில் தண்ணீர் விடும் நாள் மூன்றையும் தவிர்த்தோம். முதலில் நாங்கள் குறித்திருந்த வியாழக்கிழமை தண்ணீர் விடும் நாள் என்று ஒரு கூலிப் பெண் சொன்னார், வெள்ளிக்கு மாற்றினோம். அந்த மாற்றத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஏன் என்பதை ஒப்புதல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

எல்லாரையும் சேர்த்து ஒரே கூட்டமாக நடத்தினால் வேலை சுலபமாக முடியுமே?

வேலை முடியும், பேச்சு வராது. மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் மருமகள் வாய் திறக்கமாட்டார். நிலம் வைத்திருப்பவரும் அவரிடம் நாளைக்குக் கூலிக்குப் போக வேண்டியவரும் சேர்ந்து உட்கார்ந்தால், கூலியைப் பற்றி ஒருவர் மட்டுமே பேசுவார். ஒரே மாதிரி நாள் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி நிலையிலும் இருப்பார்கள் என்பதால், நேரத்தை வைத்துக் குழு பிரித்தாலே பாதிப் பிரிவினை தானாக அமைந்துவிடும். மீதியை நீங்கள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு வகைக்கு ஒரு குழு மட்டும் நடத்தினால் அந்தக் குழுவில் அதிகம் பேசியவரின் கருத்தே அந்த வகையின் கருத்தாகிவிடும், ஆகவே வகைக்கு இரண்டு குழுவாவது நடத்துங்கள்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

ஆறு முதல் எட்டுப் பேர். ஒன்பது பத்துப் பேரை அழைத்தால் அந்த எண்ணிக்கை தேறும். ஒப்புதல் விளக்கத்தையும் சேர்த்து 75 நிமிடம் என்று சொல்லுங்கள், அதற்குள் முடியுங்கள். தாமதமாகத் தொடங்கினாலும் சொன்ன நேரத்துக்கே முடிக்க வேண்டும். கேள்வி மீதமிருந்தால் அது உங்கள் இழப்பாக இருக்கட்டும், அடுப்பில் உலை வைக்காமல் வந்தவருடைய இழப்பாக ஆக வேண்டாம். 75 நிமிடத்துக்கு ஐந்தாறு கேள்விகளுக்கு மேல் தாங்காது. பதினைந்து கேள்விகளோடு போகிறவர்கள் கலந்துரையாடலை நடத்துவதில்லை, வரிசையாகப் பேட்டி எடுக்கிறார்கள்.

நடவு, அறுவடை நடக்கும்போதுதான் எங்களுக்குக் காலக்கெடு முடிகிறது. என்ன செய்வது?

முடிந்தால் காலக்கெடுவை நகர்த்தக் கேளுங்கள். உச்ச வேலை நாட்களில் கூலிப் பெண்களுக்கு வருடத்தின் பெரும்பங்கு வருமானம் வருகிறது. அந்த நாட்களில் அழைத்தால் வரமாட்டார்கள், வந்தால் வயிற்றில் அடித்த மாதிரி.

ஆனால் பருவத்துக்குள்ளேயே இடைவெளிகள் உண்டு. நெல்லில் நடவு முடிந்து முதல் களை எடுக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த இடைவெளியில் ஊர் ஓரளவு ஓய்ந்திருக்கும், நடவுக் கால நினைவும் பசுமையாக இருக்கும். பயிருக்குப் பயிர் இது மாறும் என்பதால், நாள் கேட்கும்போதே "இந்த மாசம் என்ன வேலை, அடுத்தது எப்போ தொடங்கும்" என்று கேட்டு ஒரு பருவக் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் எல்லாம் தலைகீழாகும். மழை பெய்த மறுநாள் கூட்டம் என்றால் அதைத் தள்ளிவைத்துவிடுங்கள், கேட்கவே வேண்டாம்.

வேலை இல்லாத கோடையில் மட்டும் போவதிலும் ஒரு குறை இருக்கிறது. வேலையில்லாத காலத்தில் பாரத்தைப் பற்றிக் கேட்டால் பாரம் குறைத்துச் சொல்லப்படும். வேலைச்சுமைதான் உங்கள் ஆய்வுப் பொருள் என்றால் இரண்டு பருவத்திலும் ஒருமுறை போவது நல்லது.

எங்கே உட்கார்வது? குழந்தைகளோடு வருகிறார்களே?

எந்தத் தரப்பும் தயங்காமல் வரக்கூடிய, ஆண்கள் கடந்து போகாத, நிழலான இடம். ஒருவர் வீட்டுத் திண்ணை என்றால் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் வரமாட்டார்கள். சில இடங்களுக்குச் சிலரால் நுழைய முடியாது, அதை வெளியில் சொல்லவும் மாட்டார்கள். இடத்தையும் அந்த நாலைந்து பெண்களிடமே தனித்தனியாகக் கேளுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உங்கள் குழுவில் ஒருவரை ஒதுக்குங்கள். கலந்துரையாடலை நடத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர், குழந்தைகளோடும் வாசலிலும் நிற்க ஒருவர் என்று மூன்று பேர் போனால்தான் சமாளிக்க முடியும்.

கூலி இழப்புக்குப் பணம் கொடுக்கலாமா? பணத்துக்காகப் பேசினார்கள் என்று ஆகிவிடாதா?

நேரத்தைச் சரியாகக் குறித்திருந்தால் கூலி இழப்பே இருக்காது, அதுதான் முதல் வழி. அப்படியும் இழப்பு வந்தால் அதை ஈடுசெய்வது நியாயம். அளவுதான் கேள்வி. அந்த ஊரில் அரை நாள் கூலி என்னவோ அதை ஒட்டி இருந்தால் அது இழப்பீடு. அதைவிடப் பல மடங்கு இருந்தால், வேண்டாம் என்று சொல்ல நினைப்பவராலும் சொல்ல முடியாமல் போகும். அப்போது அது தூண்டில். தொகையை ஊருக்கு முன்பே சொல்லி, எல்லாருக்கும் ஒரே அளவு கொடுங்கள். பாதியில் எழுந்து போனவருக்கும் முழுத்தொகை கொடுக்க வேண்டும், அதையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'எப்போது வேண்டுமானாலும் போகலாம்' என்று நீங்கள் சொன்னது வெறும் வாய்ச்சொல்.

ஊர்த் தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார், கணவர்களும் சரி என்றார்கள். அதுவே ஒப்புதல் ஆகாதா?

ஆகாது. தலைவர் கொடுத்தது ஊருக்குள் வர அனுமதி. கணவரிடம் பேசுவது, மனைவிக்குப் பின்னால் வம்பு வராமல் இருக்கத் தேவைப்படலாம். இரண்டும் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். பேசுவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. 1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி பிரகடனத்தின் இன்றைய வடிவமும் இதையே சொல்கிறது: குடும்பத்தாரையோ சமூகப் பிரதிநிதிகளையோ கலந்துகொள்வது பொருத்தமாக இருக்கலாம், ஆனால் ஒப்புதல் தரத் தகுதியுள்ள ஒருவரை அவர் தானாக மனமுவந்து சம்மதிக்காமல் சேர்க்கக்கூடாது. அது மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டது என்றாலும், கிராமத்தில் பேசிக் கேட்கும் ஆய்வுக்கும் நான் அதே கோட்டைத்தான் பிடிக்கிறேன்.

கவனிக்க வேண்டிய ஆபத்து இன்னொன்று. தலைவரோ சுயஉதவிக் குழுத் தலைவியோ ஆள் அனுப்பிக் கூப்பிட்டால், "வரலைன்னா அடுத்த கடன் கிடைக்காதோ" என்ற பயத்தில் வருவார்கள். அழைப்பை நீங்களே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். முடியாவிட்டால், அழைக்கிறவர் என்ன வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்து, அதை ஒருமுறை சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினோம். எல்லாரும் தலையாட்டினார்கள். வேறு என்ன வேண்டும்?

தலையாட்டல் பெரும்பாலும் மரியாதை. படித்தவர் வீடு தேடி வந்து காகிதத்தை வாசிக்கும்போது, புரியவில்லை என்று சொல்வது அவரை அவமதிப்பது மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். படிவ மொழியை ஓரம் வைத்துவிட்டு, பேச்சு மொழியில் சொல்லுங்கள். நான் சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"அம்மா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். தண்ணி எடுக்கிறதுல உங்களுக்கு என்ன சிரமம்னு கேட்டு எழுதுற ஆராய்ச்சி வேலையா வந்திருக்கோம். குழாய் போட்டுத் தர்ற அதிகாரம் எங்ககிட்ட இல்லை. நீங்க பேசினதால எதுவும் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். பேசலைன்னாலும் உங்களுக்கு வர்ற எந்த உதவியும் நிக்காது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம், ஏன்னு நாங்க கேக்க மாட்டோம். பேசுறதை இந்தக் கருவியில பதிவு பண்ண உங்ககிட்ட சம்மதம் கேக்குறோம். ஒருத்தருக்கு வேண்டாம்னாலும் பதிவு கிடையாது, கையால எழுதிக்குவோம். உங்க பேரை எங்கேயும் எழுத மாட்டோம். நாலு மணிக்கு முடிச்சிருவோம்."

சொல்லி முடித்தபின், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. "உங்க வீட்டுல போய், எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமைக் குழுவில் ஒரு அம்மா, "குழாய் போட ஆபீஸர் வந்திருக்காருன்னு சொல்வேன்" என்றார். நான் அவ்வளவு தெளிவாக மறுத்துச் சொல்லியும் அதுதான் பதிந்திருந்தது. மறுபடி விளக்கினேன். "அப்போ எதுக்கு நாங்க பேசணும்?" என்று அவரே கேட்டார். அந்தக் கேள்வி வந்த பிறகுதான் அங்கே ஒப்புதல் பேசப்படத் தொடங்கியது. எழுதுவதை யாரிடம் கொடுப்போம், அதனால் என்ன நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று சொன்னோம். இருவர் எழுந்து போனார்கள். ஆறு பேர் இருந்தார்கள்.

இப்போது வியாழக்கிழமையை வெள்ளிக்கு மாற்றியதற்கு வருகிறேன். ஊருக்கு வெளியிலிருந்து வந்தவரிடம் 'முடியாது' என்று சொல்லிப் பழக்கமில்லாத பெண்களிடம், 'வேண்டாம் என்று சொல்லலாம்' என்று வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். நாள் ஒத்துவராது என்று ஒருவர் சொல்லி, அதை நாம் மறுபேச்சு இல்லாமல் மாற்றும்போது, இவர்களிடம் மறுத்துச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எழுந்து போன இரண்டு பேருக்கும் அந்தத் தைரியம் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

கைநாட்டு வைக்கத் தயங்குகிறார்கள். வற்புறுத்தலாமா?

வேண்டாம். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொண்ட கதை இல்லாத ஊர் அரிது. அவர்கள் தயங்குவது அனுபவ அறிவு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருந்து, முழுவதும் சொல்லப்பட்டதையும் அவர் தானாகச் சம்மதித்ததையும் உறுதிப்படுத்திக் கையெழுத்திடலாம். வாய்மொழி ஒப்புதலை ஒலியாகப் பதிவுசெய்யலாம். எந்த வழி என்பதை முன்கூட்டியே உங்கள் நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், களத்தில் போய் மாற்ற முடியாது.

சாட்சி யார் என்பதையும் பெண்களே சொல்லட்டும். நாங்கள் ஒருமுறை கூட்டுறவுச் சங்க ஊழியர் ஒருவரைச் சாட்சியாக வைத்தோம். பாதிப் பேருக்கு அந்தச் சங்கத்தில் கடன் பாக்கி இருந்தது. அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

"நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும்" என்று உறுதி கொடுக்கலாமா?

உங்கள் தரப்பு உறுதியை மட்டும் கொடுக்கலாம். தனிப் பேட்டிக்கும் குழுவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். குழுவில் சொன்னதை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள், அவர்கள் வாயை நீங்கள் கட்ட முடியாது. இதை மறைக்காமல் சொல்லுங்கள்: "நாங்க வெளியில சொல்ல மாட்டோம். இங்க இருக்கிற மத்தவங்க சொல்லாம இருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. அதனால வெளியில தெரிஞ்சா சங்கடமாகுற சொந்த விஷயத்தை இங்க சொல்ல வேண்டாம். ஊர்ல பொதுவா நடக்கிறதைச் சொல்லுங்க."

இதைச் சொன்னால் பேச்சு வறண்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி ஆகவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு" என்று தொடங்கிப் பேசுவார்கள், அதில் யாருடைய மரியாதையும் போகாது. அந்தப் பெண் யார் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

பெயருக்குப் பதில் எண் கொடுத்து எழுதினாலும், சிறிய ஊரில் "மூன்று மாடு வைத்திருக்கும் கைம்பெண்" என்ற விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அறிக்கையில் அத்தகைய அடையாளங்களையும் மாற்ற வேண்டும். புகைப்படத்துக்குத் தனியாகச் சம்மதம் கேளுங்கள், அதைக் கூட்டம் முடிந்தபின் கேளுங்கள்.

ஒருவர் பின்னால் வந்து, "நான் பேசினதை எடுத்துருங்க" என்றால்?

அவர் சொன்னதை மேற்கோளாகப் பயன்படுத்தாமல் இருக்கலாம், எழுத்தாக்கத்தில் அவர் எண்ணுக்குரிய வரிகளை நீக்கலாம். மற்றவர்கள் அவர் பேச்சுக்குப் பதிலாகச் சொன்னவற்றிலிருந்து அவரை முழுவதும் பிரிக்க முடியாது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். எந்த நாள் வரை நீக்கச் சொல்லலாம், யாரிடம் சொல்வது என்பதையும் கூறுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் தொலைபேசி எண் அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டு வருவது போதாது, மறுபடி நீங்கள் ஊருக்கு வரும் நாளைச் சொல்லிவிட்டு அன்று கட்டாயம் போங்கள்.

பாதிக் கூட்டத்தில் ஒருவரின் கணவரோ மாமியாரோ வந்து நின்றுவிட்டால்?

பேச்சின் தொனி மாறுவதிலேயே தெரிந்துவிடும். பதில்கள் சுருங்கும், முந்தானை சரிசெய்யப்படும், எல்லாரும் ஒருவரையே பார்ப்பார்கள். உடனே பேச்சைப் பொதுவான கேள்விக்குத் திருப்புங்கள். வாசலில் நிற்கும் உங்கள் மூன்றாவது ஆள், வந்தவரை மரியாதையோடு வேறு பக்கம் அழைத்துப்போய் ஆய்வைப் பற்றி விளக்கட்டும். வந்தவர் நகரவில்லை என்றால் கூட்டத்தை முடித்துவிடுவதே சரி. அவர் முன்னால் கிடைக்கும் பதிலால் உங்களுக்குப் பயனில்லை, பேசியவருக்கு வீட்டில் ஆபத்தும் உண்டு. ஒப்புதல் கொடுத்தபோது இருந்த சூழ்நிலை மாறிவிட்டதால், அந்த ஒப்புதலும் அதோடு முடிந்துவிட்டது.

பேச்சுக்கு நடுவே ஒருவர் வீட்டில் அடிபடுவதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். தடுப்பதா, கேட்பதா?

மெதுவாக நிறுத்துங்கள், ஆனால் வாயை அடைக்கிற மாதிரி அல்ல. "அக்கா, இதை நாம தனியா உக்காந்து பேசலாம், நான் இருக்கேன்" என்று சொல்லி, பேச்சை வேறு கேள்விக்கு நகர்த்துங்கள். குழுவில் சொல்லிவிட்டால் இரவுக்குள் அது அவர் கணவர் காதுக்குப் போகும். கூட்டம் முடிந்ததும் அவரிடம் தனியே போங்கள். அவர் சொல்ல விரும்பினால் கேளுங்கள், குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டு. அந்தப் பகுதியில் உதவிக்கு யாரை நாடலாம் என்ற விவரத்தை ஊருக்குப் போகும் முன்பே சேகரித்து, அது இப்போதும் இயங்குகிறதா என்று நேரில் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தகவலைத் தாளில் கொடுத்தால் வீட்டில் சிக்கிக்கொள்வார், வாயால் சொல்லி மனப்பாடமாக்கிவிடுங்கள்.

இதற்காகவே 4 மணிக்கு முடியும் கூட்டத்துக்கு 5 மணி வரை வண்டியைக் காத்திருக்கச் சொல்லுங்கள். தனியாகப் பேச விரும்புகிறவர் மற்றவர்கள் கலையும்வரை ஏதோ ஒரு சாக்கில் பின்தங்கி நிற்பார், அல்லது வீட்டுக்குப் போய் மாட்டைக் கட்டிவிட்டுத் திரும்பி வருவார்.